மாறுவேடப் போட்டி: அறிவிப்பிலேயே தீர்த்துவிட வேண்டிய சண்டை

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நவம்பர் 14-க்கு மாறுவேடப் போட்டி வைக்கிறோம். போன வருடம் பரிசு கொடுத்து முடித்ததும் பெற்றோர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். காசு செலவழித்தவருக்குத்தான் பரிசு என்றார்கள். இந்த முறை அறிவிப்பை எப்படி எழுதினால் பேச்சு வராது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: முதலில் தலைப்பை முடிவு செய்துவிடுங்கள். ‘விரும்பிய வேடம்’ என்று விட்டால் ஒரு வீட்டில் வாடகைக் கிரீடம் வரும், இன்னொரு வீட்டில் அப்பாவின் வேட்டி வரும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எந்த நடுவராலும் ஒப்பிட முடியாது. மின்னுவதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே வீட்டில் இருக்கும் பொருளே போதுமான தலைப்பாக வையுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ‘நம் ஊர்த் தொழில்கள்’ நன்றாகப் பொருந்தும். பூக்கட்டுபவர், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர், ஜிகர்தண்டா கடைக்காரர், நாற்று நடுபவர், பேருந்து நடத்துநர் என்று வேடத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் காய்கறி, பூ, பறவை போதும். மூன்று முதல் ஐந்து வரை ‘மதுரையோடு தொடர்புடையவர்கள்’ என்று கொடுக்கலாம். காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-ல், மேலமாசி வீதியில். பாரதியார் 1904-ல் சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் பிறந்தது இங்கேதான். மேடையில் குழந்தை சொல்ல ஒரு செய்தி கிடைத்துவிடும். உடையை வைத்து மட்டும் ஒப்பேற்ற முடியாது.

செலவுக்கு வரம்பு வைக்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். ‘300 ரூபாய்க்கு மேல் கூடாது’ என்று எழுதலாம்தான், ஆனால் அதை யார் போய்ச் சரிபார்ப்பது? புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் வாங்கி வந்துவிட்டு, வீட்டில் தைத்தது என்று சொன்னால் நீங்கள் மறுக்க முடியாது. நிறைவேற்ற முடியாத விதி ஒன்று இருந்தாலே மற்ற விதிகளுக்கும் மரியாதை போய்விடும். தடை போடுவதைவிட, செலவுக்கு மதிப்பெண் கிடைக்காதபடி செய்வதுதான் சரியான வழி.

ஒரு நடுவருக்கு 20 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் பேச்சும் பாவனையும் 10, தலைப்புக்குப் பொருத்தம் 5, பார்த்தவுடன் இன்னார் என்று தெரிகிறதா என்பதற்கு 5. ‘உடை அழகு’, ‘ஒட்டுமொத்தத் தோற்றம்’ என்று தனி வரியே வேண்டாம், செலவு நுழைவது அந்த வழியாகத்தான். பூக்காரம்மா வேடத்துக்கு ஒரு கூடையும் கொஞ்சம் மல்லிகையும் போதும். குழந்தை முழங்கையை நீட்டி முழம் போட்டு அளந்து காட்டினால் பேச்சுக்கான பத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு சும்மா நிற்கும் குழந்தைக்கு அது கிடைக்காது.

இனி அறிவிப்பு. ஒரு பக்கத்துக்குள், இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள்; இரண்டு ஞாயிறு கையில் இருந்தால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வசதி. வாட்ஸ்அப் குழுவில் அதையே குரல்பதிவாகவும் போடுங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள பெற்றோருக்கு, நவம்பர் 14 காலை 10 மணிக்குப் பள்ளிக் கூடத்தில் மாறுவேடப் போட்டி நடைபெறும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தலைப்பு: நம் ஊர்த் தொழில்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மேடையில் ஒரு நிமிடம். தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். பேச்சும் பாவனையும் 10, தலைப்புப் பொருத்தம் 5, வேடம் அடையாளம் தெரிவது 5. உடையின் விலைக்கு மதிப்பெண் இல்லை. ஒரே வேடத்தில் பலர் வரலாம், அதனால் மதிப்பெண் குறையாது. தீ, கூரான பொருள், கண்ணாடி, உயிருள்ள விலங்கு கூடாது. எவருடைய சாதியையும் நிறத்தையும் உடற்குறையையும் கேலி செய்யும் வேடம் கூடாது. குழந்தை மேடையில் இருக்கும்போது பெற்றோர் கீழிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம். மேடை ஏறும் வரிசை குலுக்கல் முறையில். நடுவர்கள் மூவரும் வெளியிலிருந்து வருபவர்கள். வேடத்தின் பெயரை எழுதி நவம்பர் 7-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.”

‘ஒரே வேடத்தில் பலர்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நேரு பிறந்தநாள் என்பதால் ரோஜாப்பூவோடு எட்டுப் பேர் வந்து நிற்பது சகஜம். முதலில் பெயர் கொடுத்தவருக்கே அந்த வேடம் என்றால் போனைக் கையிலேயே வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். பெரிய வகுப்புக்கான அறிவிப்பில் காந்தி வேடத்துக்குப் பனியன் போடலாம் என்றும் ஒரு வரி சேருங்கள், அது ஐப்பசி மழைக்காலம். இதே காரணத்துக்காகப் போட்டியையும் கூரைக்குள்ளேயே வையுங்கள். கலர்க் காகித உடை நனைந்தால் சாயம் உடம்பில் இறங்கும். முகச்சாயம் பூசுவதாக இருந்தால் முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடப் பேச்சு, ஏறி இறங்க அரை நிமிடம், மதிப்பெண் எழுத அரை நிமிடம். 36 குழந்தைகள் என்றால் 72 நிமிடம். வேடம் போட்ட சின்னப் பிள்ளை அவ்வளவு நேரம் அழாமல் இருக்காது. வகுப்புவாரியாக 20 பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம்.

அப்புறம், மதிப்பெண்ணைக் கூட்டும் முறை. சண்டைக்கான உண்மையான காரணம் பல பள்ளிகளில் இதுதான், யாரும் கவனிப்பதில்லை. ஒரு நடுவர் எல்லோருக்கும் 14-லிருந்து 17-க்குள் போடுவார். இன்னொருவர் 10-லும் போடுவார், 18-லும் போடுவார். இரண்டையும் அப்படியே கூட்டினால், அகலமாகப் போட்டவர் சொன்னதுதான் முடிவாகும்.

உதாரணத்துக்கு 7, 12, 19 என்று எண் குத்திய மூன்று குழந்தைகள். முதல் நடுவர் 16, 15, 14 போடுகிறார். இரண்டாமவர் 17, 16, 15. மூன்றாமவர் 10, 14, 18. கூட்டினால் 7-ஆம் எண்ணுக்கு 43, 12-க்கு 45, 19-க்கு 47. பரிசு 19-க்குப் போகிறது. ஆனால் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அந்தக் குழந்தையைக் கடைசியில் வைத்திருந்தார்கள்! இதற்குப் பதிலாக ஒவ்வொரு நடுவரின் தாளிலும் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று எழுதி, அந்த இடங்களைக் கூட்டுங்கள். 7-க்கு 1, 1, 3 சேர்ந்து 5. 12-க்கு 2, 2, 2 சேர்ந்து 6. 19-க்கு 3, 3, 1 சேர்ந்து 7. குறைந்த எண்ணுக்கே பரிசு, ஆக 7-ஆம் எண். ஒரே நடுவர் இருவருக்கு ஒரே மதிப்பெண் போட்டிருந்தால் இரண்டு இடங்களின் சராசரியைக் கொடுங்கள். இரண்டாமிடமும் மூன்றாமிடமும் என்றால் ஆளுக்கு 2.5. இடக்கூட்டல் சமமாக வந்தால் பேச்சுக்கான மதிப்பெண்ணைப் பாருங்கள், அதுவும் சமமென்றால் இருவருக்கும் அதே பரிசு. இந்த முறையையும் அறிவிப்பின் அடியில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

நடுவர்களிடம் குழந்தையின் பெயர் போக வேண்டாம், சட்டையில் குத்திய எண் மட்டும் போதும். முதலில் ஏறுபவருக்கு நடுவர்கள் கையை இறுக்கிப் பிடிப்பார்கள், பிறகு வருபவருக்குத் தாராளமாகப் போடுவார்கள். ஐந்து பேர் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, போட்டதைத் திருத்தச் சந்தர்ப்பம் கொடுங்கள். அதன்பின் திருத்தம் கிடையாது. தாளில் கையெழுத்து வாங்கி ஒரு மாதம் வைத்திருங்கள். கேட்கும் பெற்றோருக்கு அவரவர் குழந்தையின் வரியை மட்டும் காட்டலாம், மற்ற வரிகளை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு.