சொல்ல வந்து நிறுத்திய தோழிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் கல்லூரித் தோழிக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஈரோட்டில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். சென்ற செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று எழுதினாள். ‘என்னடி?’ என்று உடனே கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. ‘சொல்லுடி, பயமா இருக்கு’ என்று நான்கு முறை அனுப்பிவிட்டேன். மூன்று நாளாக மௌனம். இப்போது நான் என்ன எழுத வேண்டும்?
— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஐந்தாவது முறையாகக் கேட்க வேண்டாம். ‘பயமா இருக்கு’ என்று நீங்கள் எழுதியது உண்மையான அக்கறையில்தான் என்றாலும், சொல்ல வந்ததன் பாரத்தோடு உங்கள் பயத்தையும் ஆற்ற வேண்டிய பொறுப்பு இப்போது அவள் மேல் விழுந்திருக்கிறது. பெரிய ஒன்றைச் சொல்ல வருபவர்கள் பலரும் முதலில் ஒரு வரியை மட்டும் எழுதி, எதிரே இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பார்கள். பதற்றம் தெரிந்தால், இவளிடம் சொன்னால் இவள் தாங்க மாட்டாள் என்று பின்வாங்கிவிடுவார்கள்.

உங்கள் தோழியின் நிலையில் இன்னொரு காரணமும் இருக்கலாம். நீலக் குறி, செய்தி அந்தக் கைப்பேசியில் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது; திறந்தது யார் என்பதைச் சொல்வதில்லை. புகுந்த வீட்டில் கைப்பேசி கூடத்து மேசையில் கிடக்கலாம், அதன் கடவுச்சொல் கணவருக்கும் தெரிந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், தோழியிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கிய இரவில், ‘உன் மாமியார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா?’ என்று வந்த பதில் பூட்டிய திரையிலேயே மின்ன, அதை மாமியாரே படித்துவிட்டார் என்றும், அதன்பின் ஏழு மாதங்கள் தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். உங்கள் தோழியின் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவள் சொல்ல வந்தது கடன் தொல்லையாகவோ, கருவுற்றதாகவோ, உங்கள் மேல் உள்ள மனக்குறையாகவோகூட இருக்கலாம். ஆனால் எது என்று தெரியாதவரை, வேறு யார் படித்தாலும் அவளுக்குத் தீங்கு வராத விதத்தில் எழுதுவதே பாதுகாப்பானது.

ஆகவே இன்றே, பகல் நேரத்தில், இப்படி ஒன்றை அனுப்புங்கள்: ‘நாலு தடவை மெசேஜ் போட்டு நச்சரிச்சுட்டேன், சாரிடி. அவசரம் ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல வீட்டுல சும்மாதான் இருப்பேன், தோணினா கூப்பிடு. இல்லைன்னா அடுத்த வாரம் நானே கூப்பிடுறேன்.’ இதில் கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி இல்லாததால் அவள் பதில் எழுதியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. நாளும் நேரமும் குறிப்பிட்டிருப்பதால், ‘எப்போ வேணும்னாலும் கூப்பிடு’ என்பதைப் போல அது காற்றில் போகாது. ‘நீ சொல்ல வந்த விஷயம்’ என்ற சொற்களும் இல்லை. அவள் தன் வரியைத் தன் கைப்பேசியிலிருந்து மட்டும் நீக்கியிருந்தால் அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்த வரியை இழுத்து மேற்கோளாக வைத்துப் பதில் எழுதினால், நீக்கிய சொற்கள் அவள் திரையில் மறுபடியும் வந்து நிற்கும். எனவே மேற்கோள் வேண்டாம். கல்லூரிக் குழுவில் ‘அவளுக்கு என்ன ஆச்சு, யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்பதும் வேண்டாம். ஒருத்தியிடம் சொல்ல நினைத்தவள், இருபது பேருக்குச் செய்தி போனதை அறிந்தால் உங்களிடமும் சொல்ல மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வராவிட்டால், சொன்னபடி அடுத்த வாரம் நீங்கள் அழையுங்கள். எடுத்ததும் ‘இப்ப வேலையா இருக்கியா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘பக்கத்துல யாராவது இருக்காங்களா?’ என்று கேட்பது, ஒலிபெருக்கி போட்டிருந்தால் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாக வாயாடுபவள் ‘ஆமா, சாப்பிட்டாச்சு, எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னால், தனியாக இல்லை என்று எடுத்துக்கொண்டு, பழைய விடுதிக் கதை ஏதாவது பேசி வைத்துவிடுங்கள். அந்த அழைப்பு வீணல்ல. நீங்கள் பதறாமல் பேசினீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சொல்லத் தொடங்கினால், ‘இதை ஏன் முன்னாடியே சொல்லலை?’ என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருந்து, பிறகு ‘நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்லை ஏதாவது செய்யணுமா?’ என்று கேளுங்கள். அடி, மிரட்டல் என்று வந்தால், பெண்களுக்கான உதவி எண் 181 என்பதைச் சொல்லுங்கள். அவளைக் கேட்காமல் அவள் கணவரிடமோ பெற்றோரிடமோ பேசாதீர்கள். நியாயம் கேட்க நீங்கள் எடுக்கும் ஓர் அழைப்பின் விளைவை அன்றிரவு அந்த வீட்டில் அனுபவிக்கப் போகிறவள் அவள்தான். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவள் கேட்டால், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன், மற்றபடி சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்துப் பின்னால் மீறுவதைவிட இது நேர்மையானது.

மேலே சொன்ன பொறுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. ‘நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’, ‘எல்லாம் முடிஞ்சா போதும்’ என்பதுபோல் அண்மையில் அவள் எழுதியிருந்தாலோ, காரணமில்லாமல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெறுவதுபோல் பேசியிருந்தாலோ, ஞாயிறுவரை காத்திராமல் இன்றே அழையுங்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பள்ளி மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, கேட்டதால் மாணவர்களுக்கு அந்த எண்ணமோ மனத்துயரமோ கூடவில்லை என்று காட்டியது. ‘ஆமாம்’ என்று அவள் சொன்னால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். அவளோடு அந்த வீட்டில் அல்லது அருகில் அவள் நம்பும் ஒருவர் யார் என்று அவளிடமே கேட்டு, அவரை அவள் பக்கத்தில் வரச்செய்யுங்கள். 14416 என்ற மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசும். நீங்களும் அதை அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112.

அப்படி எதுவும் இல்லாமல், அழைப்பையும் எடுக்காமல் இரண்டு வாரம் கடந்துவிட்டால், ஒரு விடுமுறை நாளில் ஈரோட்டுக்கு ரயில் ஏறுங்கள். உறவினர் வீட்டுக்கு வந்தேன் என்றோ, புடவை எடுக்க வந்தேன் என்றோ பெரியவர்களிடம் சொல்லி, முதல்நாளே தெரிவித்துவிட்டுப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனால் யாருக்கும் உறுத்தாது. காபி குடித்தபின், ‘கடைவீதிக்குத் துணைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா, அத்தை?’ என்று மாமியாரிடம் கேளுங்கள். நடந்து போகும்போது நீங்கள் எதையும் கேட்க வேண்டாம்; கடைக்குப் போகும் வழியில் அவசரப்படாமல் அவள் பக்கத்தில் நடந்தால் போதும்.