ஏழாம் தேதியில் எல்லாருக்கும், இருபத்திரண்டில் எனக்கு

கேள்வி: பிறையில் சின்ன கேட்டரிங் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு போகிறது, அவர்கள் 60 நாள் கழித்து மாதம் 22-ஆம் தேதி வாக்கில்தான் பணம் போடுகிறார்கள். ஆனால் சம்பளம், கோழி, மளிகை, வாடகை எல்லாம் மாதத்தின் முதல் பத்து நாளிலேயே வந்து நிற்கிறது. லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை. பத்து வருடமாகப் பொருள் கொடுப்பவர்கள், முகம் கோணாமல் எப்படித் தள்ளிக் கொடுப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய பில்களையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதத்தை நாள் வாரியாக எழுதிப் பார்த்தேன். ஒன்றாம் தேதி கையில் 17,000 ரிங்கிட். வார இறுதி விருந்துகளில் வாரத்துக்கு 3,000 வருகிறது. 14-ஆம் தேதிக்குள் வந்து சேரும் மொத்தம் 23,000. அதே 14-க்குள் நீங்கள் கொடுப்பது 38,600. பள்ளம் 15,600 ரிங்கிட். ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதி தொழிற்சாலையின் 38,000 வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மாதக் கடைசியில் வீட்டுக்கு 5,000 எடுத்த பிறகும் ஆரம்பித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது. ஆக வியாபாரத்தில் ஓட்டை இல்லை, தேதிகள்தான் இடிக்கின்றன.

இப்போது பில்களைத் திருப்பிப் பாருங்கள். மளிகை மொத்தக் கடையின் ஸ்டேட்மெண்டில், கீழே சின்ன எழுத்தில், ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து 30 நாள் என்று இருக்கிறது. மார்ச் 31 தேதியிட்ட ஸ்டேட்மெண்டுக்குக் கெடு ஏப்ரல் 30. நீங்களோ அதை ஏப்ரல் 7-லேயே கட்டிவிட்டீர்கள். ஏன் என்றால் அன்றைக்குத்தான் சேல்ஸ்மேன் பேப்பரைக் கொண்டு வந்து கல்லாவுக்கு முன்னால் நிற்கிறார். அவர் பேப்பரைக் கொடுக்கத்தான் வந்தார், பணம் வாங்க அல்ல. நமக்குத்தான் ஆள் வந்து நின்றால் வெறுங்கையோடு அனுப்பக் கூச்சம். பிளாஸ்டிக் டப்பா, பை கொடுப்பவருக்கும் இதே 30 நாள்தான். டி.என்.பி. மின்சார பில்லிலும் கெடு தேதி அச்சடித்திருக்கிறது, உங்களுடையது 25-ஆம் தேதிக்குப் பிறகு. இந்த மூன்றையும் 25-ஆம் தேதிக்கு மாற்றினால் 11,200 ரிங்கிட் அந்தப் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் யாருக்கும் நீங்கள் தாமதம் செய்யவில்லை.

மளிகையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் பெரிய ஆர்டரை நீங்கள் 27, 28 தேதிகளில் போடுகிறீர்கள். அது அந்த மாத ஸ்டேட்மெண்டிலேயே ஏறிவிடுகிறது. மார்ச் 28-இல் எடுத்த சரக்குக்கு ஏப்ரல் 30 கெடு, 33 நாள் கடன். அதே சரக்கை ஏப்ரல் 1-ஆம் தேதி எடுத்தால் ஏப்ரல் ஸ்டேட்மெண்டில் ஏறி மே 30-க்குத்தான் கெடு, கிட்டத்தட்ட 60 நாள். நான்கு நாள் பொறுத்தால் ஒரு மாதம் கிடைக்கிறது. சரக்கு தாங்குமா என்று ஸ்டோரில் பார்த்து, மாதக் கடைசிக்கு ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய் கூடுதலாக இருக்கும்படி ஒரு தடவை சரிசெய்துகொண்டால் போதும். ஆனால் டப்பாக்காரரின் பில்லை நன்றாகப் படியுங்கள். அவர் 30 நாளைப் பில் தேதியிலிருந்து எண்ணுபவராக இருந்தால் இந்தக் கணக்கு அவரிடம் செல்லாது, ஒவ்வொரு பில்லுக்கும் தனிக்கெடு.

அடுத்து, தொடவே கூடாதவை. சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கைக்குப் போய்விட வேண்டும், வேலைச் சட்டம் அப்படி. கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதி, பெர்கேசோ சமூகப் பாதுகாப்பு, வேலைக் காப்புறுதிச் சந்தா மூன்றுக்கும் 15-ஆம் தேதி கெடு. உங்களுக்கு இது சுமார் 3,100 ரிங்கிட். நெருக்கடி வந்தால் முதலில் இதைத் தள்ளுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, காரணம் இதற்காக யாரும் கடை வாசலில் வந்து நிற்பதில்லை. அதில் ஒரு பகுதி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நீங்கள் பிடித்த பணம். அது உங்கள் பணமே இல்லை. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது அபராதத்தோடு முடியாமல் வழக்கு வரைக்கும் போகும். வாடகையையும் அதன் தேதியிலேயே விடுங்கள்.

வாழை இலை, தேங்காய், கீரை கொடுக்கும் அந்த அம்மாவையும் தொடாதீர்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியது வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது வெள்ளி. அதைத் தள்ளி உங்களுக்கு ஒன்றும் மிச்சமாகாது, அவருக்கோ நாளைக்கு மார்க்கெட்டில் சரக்கு எடுக்க அதுதான் முதல். சின்னவர்களுக்கு அன்றன்றே, பெரியவர்களுக்குக் கெடுவன்று. நான் கணக்குப் பார்க்கிற கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. சத்தம் போடுகிற பெரிய கம்பெனிக்கு முதலில் போகிறது, கேட்கத் தயங்குகிறவர் காத்திருக்கிறார்.

இத்தனையும் செய்தபின் மிஞ்சும் பள்ளம் 4,400. இனிக் கோழிதான். நீங்கள் உண்மையில் வாய் திறந்து கேட்க வேண்டிய ஒரே ஆள் உங்கள் கோழிக்காரத் தவுக்கே. மாதம் 9,600, மாதம் முடிந்து ஏழு நாளில் என்று பேச்சு. கோழியில் கடன் நாள் குறைவுதான், அவரும் தினமும் பண்ணைக்குப் பணம் கொடுத்துத்தான் எடுக்கிறார். அதனால் முழுவதையும் 24-க்குத் தள்ளக் கேட்காதீர்கள். 12-ஆம் தேதி 3,000, 24-ஆம் தேதி 6,600 என்று இரண்டாகக் கேளுங்கள். அப்படிச் செய்தால் 14-ஆம் தேதி உங்கள் கையில் 2,200 நிற்கும். மாதத்தின் மிகத் தாழ்ந்த நாள் அதுதான். அதற்குப் பிறகு விருந்துப் பணம் ஒரு வாரம் வந்து, காய்கறியும் வேன் தவணையும் போய், 21-ஆம் தேதி 3,320 இருக்கும். மறுநாள் தொழிற்சாலைப் பணம்.

எப்போது கேட்பது என்பதில்தான் உறவு இருக்கிறது. எட்டாம் தேதி அவர் போன் செய்த பிறகு சொன்னால் அது சாக்கு. முந்தைய மாதம் 20-ஆம் தேதி வாக்கில், பாக்கி எதுவும் இல்லாத நேரத்தில், நேரில் போய்ச் சொன்னால் அது ஏற்பாடு. காலை லோடு இறக்குகிற நேரத்தில் வேண்டாம், மதியம் அவர் கடை ஓய்ந்த பிறகு போங்கள். தொழிற்சாலை எந்தத் தேதியில் போடுகிறது என்பதை மறைக்காதீர்கள். பேசி முடித்ததும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள். மலாயிலோ எதிலோ, அவர் படிக்கிற மொழியில். சாரம் இப்படி இருந்தால் போதும்:

"தவுக்கே, பேசியபடி வரும் மாதத்திலிருந்து கோழிக் கணக்கு 12-ஆம் தேதி 3,000, மீதி 24-ஆம் தேதி. தொழிற்சாலை எனக்கு 22-இல் போடுகிறது. ஒரு நாள் தள்ளினாலும் நானே முதலில் சொல்கிறேன். தினசரி ஆர்டர் இப்போது இருக்கும் அளவுக்குக் குறையாது."

கடைசி வாக்கியம் அவருக்கு முக்கியம். பணம் தள்ளிக் கேட்பவர் அடுத்து வேறு இடத்தில் எடுக்கத் தொடங்குவார் என்பது அவருடைய அனுபவம். முதல் இரண்டு மாதங்களில் வேறொருவரிடம் கொஞ்சம் விலை குறைவு என்று போய்விடாதீர்கள்.

அப்புறம் வங்கி ஆப்பிலேயே 12, 24 இரண்டு தேதிக்கும் முன்கூட்டியே டிரான்ஸ்ஃபர் பதிந்து வையுங்கள். பணம் போனதும் ரசீதை அவர் கேட்காமலே அனுப்புங்கள். இரண்டு மாதம் தேதி தவறாமல் போனால் மூன்றாவது மாதத்தில் அவர் பார்ப்பதையே விட்டுவிடுவார். பின்தேதியிட்ட செக் கேட்டால் மட்டும் யோசியுங்கள். 22 என்பது உங்கள் கையில் இல்லாத தேதி. பணம் இல்லாமல் செக் திரும்புவது தவுக்கேயோடு முடிவதில்லை, ஒரு வருடத்தில் மூன்று தடவை ஆனால் வங்கி கரண்ட் அக்கவுண்டையே மூடும் நிலை வரும்.

ஏதோ கசந்துவிட்டது என்றால் அவர் வாயால் சொல்ல மாட்டார், சரக்கு சொல்லும். ஆறரைக்கு வந்த லாரி எட்டுக்கு வரும். கோழி எடை கொஞ்சம் குறைந்திருக்கும். டிரைவர் பெட்டியை இறக்காமல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இதில் ஏதாவது ஒன்று இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றே போய் ஆயிரமோ ஐந்நூறோ கொடுத்துப் பேசிவிடுங்கள்.

தொழிற்சாலை 22-இல் போடாத மாதமும் வரும். அப்போது வரிசை இதுதான்: கையில் இருக்கும் 3,320-உம் அந்த வார விருந்துப் பணமும் கோழிக்கு, மளிகைக்காரரிடம் 23-ஆம் தேதியே போன். "அண்ணே, தொழிற்சாலைப் பணம் இன்னும் வரவில்லை, 30-ஆம் தேதி பாதியாவது போட்டுவிடுகிறேன்" என்று தொகையும் தேதியும் சேர்த்துச் சொல்லுங்கள். "வந்ததும் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள், அதைக் கேட்டவருக்குத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

அந்தத் தாமதம் ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள், பாதி நேரம் காரணம் நம் பக்கத்தில் இருக்கும். நீங்கள் அனுப்பிய பில்களில் இரண்டில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை. ஒரு வாரத்து டெலிவரி தாளில் கேண்டீன் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை. இப்படி வந்த பில்லைக் கணக்குப் பிரிவு ஓரமாக வைத்துவிடும், உங்களுக்குச் சொல்லாது. மாத பில்லை எந்தத் தேதிக்குள் கொடுத்தால் அந்த மாதக் கணக்கில் சேரும் என்று அங்கே கணக்குப் பார்க்கிற பெண்ணிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு நாள் பிந்தினாலே உங்கள் 60 நாள் 90 ஆகிவிடும். வேன் டிரைவரிடம் ஒரு கிளிப் போர்டு கொடுத்து, கையெழுத்து வாங்காமல் காலிப் பாத்திரத்தை ஏற்றக் கூடாது என்று நாளைக் காலையே சொல்லிவிடுங்கள்.