பயண வாந்தி மாத்திரை மூளைக்குள் போய்ச் சேர வேண்டும்

"மூணாறு மலையேறும்போது வாந்தி தொடங்கியது. உடனே ஒண்டான்செட்ரான் போட்டும் நிற்கவில்லை. மாத்திரை சரியில்லையா?" (குளச்சல் வாசகி)

மாத்திரையில் குறையில்லை, அம்மா. அது வேலை செய்யும் இடம்தான் வேறு. ஒண்டான்செட்ரான் செரடோனினைத் தடுப்பதால், புற்றுநோய் மருந்தினாலும் வயிற்றுக் கோளாறினாலும் வரும் வாந்தியை அடக்கும். வளைவுகளில் வரும் வாந்தியோ உட்காதில் பிறக்கிறது. பேருந்து திரும்புவதைக் காது உணர்கிறது, முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண் அசைவில்லை என்கிறது. இந்த முரண் மூளைத்தண்டில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகியவற்றின் வழியாக வாந்தி மையத்தை எட்டுகிறது. புரோமெத்தசின் இவ்விரண்டையும் தடுக்கிறது. ஸ்கோபாலமின் இரண்டாவதைத் தடுக்கிறது. ஓக்காளம் தொடங்கிவிட்டால் இரைப்பை மருந்தைக் கீழே தள்ளத் தாமதிக்கும் என்பதால், பெரியவர்களுக்கான 25 மி.கி. புரோமெத்தசினைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும்.

"செட்டிரிசினும் ஆன்டிஹிஸ்டமின்தானே, அண்ணாச்சி? அதைப் போட்டால் தூக்கமும் குறைவு."

பாதி சரி. தும்மலுக்கு அது போதும், ஆனால் மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது; தூக்கம் குறைவதற்கும் பயண வாந்தியில் பயன்படாமல் போவதற்கும் அதுவே காரணம். வயிற்றுவலிக்குத் தரும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடும் அப்படியே: ஸ்கோபாலமினின் நெருங்கிய உறவு என்றாலும், மூளையின் வாசலைத் தாண்டாது. 1947-இல் பால்டிமோரில் தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் என்ற ஆன்டிஹிஸ்டமினை எடுத்த ஒரு பெண்ணுக்கு டிராம் பயணக் குமட்டலும் நின்றுபோனதைக் கண்டுதான் இந்த வழியே திறந்தது. தூக்கமே நிவாரணத்தில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

"நான் வள்ளத்தில் போகிறவன். கடலில் ஒன்றுமில்லை, கரையேறினால்தான் தரை ஆடுகிறது. இதே மாத்திரை போடலாமா?" (முட்டம்)

வேண்டாம், தம்பி. அலைக்குப் பழகிய மூளை தரைக்குத் திரும்பும் நேரம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கும், இம்மருந்துகள் அதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

"அப்பாவுக்கு 72 வயது. படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் எல்லாம் சுற்றும். ஐந்து மாதமாகச் சின்னரிசின் போடுகிறார், இப்போது நடை மெதுவாகிவிட்டது." (மார்த்தாண்டம்)

நடை மெதுவானதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். சின்னரிசின் ஆன்டிஹிஸ்டமின் மட்டுமல்ல. டோபமினையும் தடுப்பதால் முதியவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பைத் தரக்கூடும். ஒரு கை ஆடாமல் நடக்கிறாரா, சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறாரா என்று பார்த்துக்கொண்டு, இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேலும், புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றுவது பெரும்பாலும் உட்காதில் இடம் பெயர்ந்த சுண்ணாம்புத் துகளால் வருவது. அதை மாத்திரை நகர்த்தாது, தலையை முறைப்படித் திருப்பும் எப்லி முறைதான் நகர்த்தும். உட்காது நரம்பின் அழற்சியால் வரும் கடும் சுற்றலுக்குக்கூட இத்தகைய மாத்திரைகளை முதல் இரண்டு மூன்று நாட்களே தருவார்கள். நீட்டினால், இழந்த சமநிலையை மூளை தானே ஈடுகட்டக் கற்பது தாமதமாகும். அப்பாவுக்குக் கண் அழுத்தமோ புரோஸ்டேட் வீக்கமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து எதுவானாலும் அவருக்குக் கண் அழுத்தம் கூடலாம், சிறுநீர் அடைக்கலாம்.