மிச்சமிருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் படம் போட வேண்டும்

கேள்வி: விமானத்தில் இருக்கிறதே கொஞ்சம் படம். அதில் இறங்குவதற்குள் முடிகிற மாதிரி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? போன தடவை கிளைமாக்ஸ் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

நீங்களும் என்னைப் போல டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதேதான் நடந்தது. என் விஷயத்தில் பக்கத்தில் அம்மா இருந்தார். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இரண்டாவது குழந்தை பிறக்கிற சமயம், உதவிக்கு அம்மாவை அழைத்து வரச் சென்னைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 68 வயது, முதல் விமானப் பயணம். புறப்பாடு இரவு 11:15, வருகை காலை 6:15. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், 7 மணி நேரம் மாதிரித் தெரிவது உண்மையில் நாலரை மணி நேரம்தான். அதாவது 270 நிமிடம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரியாமல் போனது அதற்கு அடுத்தது.

எதிரே இருந்த திரையில் தமிழ்ப் படம் என்று நாலைந்துதான் இருந்தது. அம்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். படத்தின் பெயர் இங்கே வேண்டாம், ஊரைவிட்டுப் போன மகளை அப்பா தேடிப்போகிற கதை. 2 மணி 42 நிமிடம். 270-இல் 162 போனாலும் நூறு நிமிடத்துக்கு மேல் மிச்சம் என்று நினைத்து, "சாப்பிட்டுட்டு நிம்மதியாப் பாக்கலாம்மா" என்று சொன்னது நான்தான்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வாசலிலிருந்து வாசல் வரைக்குமான நேரம். வண்டி பின்னால் தள்ளப்பட்டு, ஊர்ந்து, வரிசையில் நின்று மேலே ஏறவே 25 நிமிடம் போயிற்று. இறங்கிய பிறகு வாசலுக்கு வர இன்னொரு 10 நிமிடம். ஆக வானத்தில் இருப்பது 235 நிமிடம்தான். சாப்பாடு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் 55 நிமிடம். நாங்கள் படத்தைப் போட்டபோது தரையிறங்க சரியாக 3 மணி நேரம் இருந்தது. படம் 2:42. அப்போதுகூட 18 நிமிடம் கையில் இருக்கிறதே என்றுதான் தோன்றும்.

(சாப்பாடு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்து, இரண்டு நாள் முன்பு கூப்பிட்டு உறுதியும் செய்திருந்தேன். சொல்லி வைத்த சாப்பாட்டை மற்றவர்களுக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. கேட்டதற்குப் பட்டியலில் பெயரே இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு ரொட்டி, வெண்ணெய், நறுக்கிய பழம். வெள்ளிக்கிழமை விரதம் இருந்துவிட்டு ராத்திரி சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லப்பா, விடு" என்றார். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஆனால் நீங்கள் பதிவு செய்திருந்தால், ஏறியவுடனே பணியாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.)

இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் தட்டி ஓடவிட்டோம். நடுவில் இரண்டு மூன்று முறை குலுங்கியது. ஒவ்வொரு முறையும் பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு. அறிவிப்பு வந்தால் எல்லாத் திரையும் தானாக நின்றுவிடும். ஒரு மொழியில் சொன்னதை அடுத்த மொழியிலும் சொல்லி முடித்த பிறகுதான் படம் தொடரும். ஒரு முறை அம்மா கழிவறைக்குப் போய்வந்தார். இப்படி ஒரு 15 நிமிடம் கரைந்தது. பிறகு தரையிறங்க அரை மணி இருக்கும்போது பணியாளர்கள் ஒரு பையோடு வந்து ஹெட்போன்களை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் திரையும் அணைந்தது.

அப்பா அந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். உள்ளே விளக்கு எரிகிறது. அதோடு சரி. இன்னும் 27 நிமிடப் படம் பாக்கி.

அம்மா கொஞ்ச நேரம் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டி, "ஏம்ப்பா, அந்தப் புள்ள கதவத் தொறந்துச்சா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அம்மா கொட்டகைக்குப் போய்ப் பழகியவர். திரையில் "வணக்கம்" போடாமல் எழுந்தால் படம் பார்த்த கணக்கே இல்லை என்பவர். டாக்சியிலும் கேட்டார், மறுநாள் குக்கர் வைக்கும்போதும் கேட்டார்.

"போனில் இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் போன் திரை தெரியாது. அதோடு, எதிரே ஒரு திரை இருக்கிறது, நாமே தட்டிப் படம் போடலாம் என்பதுதான் அவருக்கு அந்தப் பயணத்திலேயே பெரிய சந்தோஷம். அதை "இது வேண்டாம், போனைப் பாரு" என்று சொல்ல எனக்கு மனசு வராது. "ஒரு படத்துக்கு இவ்வளவு கணக்கா" என்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது, அதனால் போட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்ததும் முதலில் வரைபடத்தைத் திறப்பேன். அதில் Time to Destination என்று ஒரு எண் இருக்கும். அது தரையைத் தொடுவதற்கு இருக்கும் நேரம். நமக்கு வேண்டிய எண் அதுதான், டிக்கெட்டில் இருப்பது அல்ல. படத்தின் நீளத்தோடு 40 நிமிடம் சேர்ப்பேன். 30 ஹெட்போன் வாங்குவதற்கும் திரை அணைவதற்கும், 10 அறிவிப்புகளுக்கு. சாப்பாடு இனிமேல்தான் வரப் போகிறது என்றால் இன்னொரு 20. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், ஆனால் தட்டு வரும்போது, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கும்போது, தட்டை எடுக்கும்போது என்று நிறுத்தித்தான் ஆக வேண்டும். கூட்டி வந்த எண் வரைபடத்து எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் படத்தைத் தொடுவேன்.

படம் ஓடும்போதும் இதே கணக்கு உதவும். திரையைத் தட்டினால் கீழே கோட்டில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். அதோடு 40 கூட்டி வரைபடத்தோடு ஒப்பிட்டால், பின்தங்குகிறோமா என்று பாதியிலேயே தெரிந்துவிடும். காற்றைப் பொறுத்து வரைபடத்து எண்ணே மாறும் என்பதால், சாப்பாடு முடிந்ததும் நான் இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். இறங்க இடம் கிடைக்காமல் வானத்திலேயே சுற்றினால் நேரம் கூடும்தான். அதை நம்பிப் படம் போடாதீர்கள், அந்தச் சமயத்தில் திரை இருக்காது.

எல்லா விமானமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் உட்கார்ந்ததிலிருந்து இறங்கும் வாசல் வரை திரை ஓடும். அப்படியென்றால் 40 வேண்டாம், 15 போதும். மக்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தால் தரையிலேயே அரை மணி நேரப் படம் ஓடிவிடும், பாதுகாப்புச் செய்முறைக்கு மட்டும் நிற்கும். உங்கள் விமானம் எந்த வகை என்பதை ஊகிக்க வேண்டாம். ஏறும்போதே பணியாளரிடம் "ஹெட்போன் எப்போது வாங்குவீர்கள், திரை எப்போது அணையும்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொந்தமாக வயர் உள்ள ஹெட்போன் இருந்தால் எடுத்துப் போங்கள். திரை அணையாத விமானத்தில், அவர்கள் பை கொண்டுவரும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, எழுதியிருக்கும் நீளம் எல்லாப் படத்துக்கும் ஒரே பொருளில் இல்லை. ஹாலிவுட் படத்தில் கடைசி ஐந்து, எட்டு நிமிடம் வெறும் பெயர்கள்தான் ஓடும். அங்கே வெட்டுப்பட்டாலும் கதை போகாது. நம் படங்கள் அப்படி இல்லை, பெரும்பாலும் கடைசி நிமிடம் வரை கதை இருக்கும். அதனால் தமிழ்ப் படத்துக்கு நான் ஒரு நிமிடம்கூடக் குறைத்துப் போடுவதில்லை.

கணக்கு உதைத்தால் சின்னப் படத்துக்குப் போங்கள். பழைய படங்கள் பகுதியில் 12 ஆங்ரி மென் இருந்தால், அது 96 நிமிடம்தான். அதுவும் இடிக்கிறது என்றால் தொடர்களில் ஓர் எபிசோடு. அல்லது தமிழ்ப் படத்தை இடைவேளை வரை பார்த்து, எத்தனையாவது நிமிடம் என்று போனில் குறித்துக்கொண்டு, மீதியைத் திரும்பும்போது பார்க்கலாம். ஆனால் அதே மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால் மட்டும். பெரும்பாலும் மாதம் பிறந்தால் படங்களை மாற்றிவிடுகிறார்கள். நாங்கள் போனது 18-ஆம் தேதி, அம்மாவைத் திரும்ப அழைத்துப் போனது அடுத்த மாதம் 12-ஆம் தேதி. அந்தப் படம் பட்டியலில் இல்லை.

நடுவில் வீட்டில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து போட்டேன். "மொதல்லேருந்து போடு, பாதியிலேருந்து பாத்தா நல்லாருக்காது" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இருந்தோம். சனிக்கிழமை ராத்திரி மகள் பிறந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யார் படம் பார்த்தது.

திரும்பும்போது வரைபடத்தில் 3:28 இருந்தது. அம்மா பார்க்க ஆசைப்பட்டது 2:50 படம். 40-உம் 20-உம் சேர்த்தால் 3:50. "இது முடியாதும்மா" என்றேன். மறுபேச்சில்லாமல் அடுத்ததைத் தள்ளினார். 2:12. சேர்த்தால் 3:12. போட்டோம். சைவச் சாப்பாடு இந்தத் தடவை வந்தது, இருபது நிமிடம் நிறுத்தி வைத்தோம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது வரைபடத்தில் 0:44. அம்மா கடைசிப் பெயர் போகும் வரை பார்த்துவிட்டு, ஹெட்போன் வயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பை வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.