ஊசி போட்ட பிள்ளைகளுக்குத்தானே அதிகம் தட்டம்மை வந்திருக்கிறது?

கேள்வி: டாக்டர், நான் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் 500 பிள்ளைகள். அட்டைப்படி 480 பேருக்குத் தட்டம்மை ஊசி போட்டிருக்கிறது, 20 பேருக்குப் போடவில்லை. இப்போது 40 பேருக்குத் தட்டம்மை. அதில் 24 பேர் ஊசி போட்டவர்கள், 16 பேர்தான் போடாதவர்கள். அப்புறம் ஊசி எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். 96 சதவீதம் பேர் போட்டிருந்தும் எப்படிப் பரவியது? அந்த 24 பேரில் 18 பேர் ஒரே நிலையத்தில் போட்டவர்கள், அங்கே போட்டுக்கொண்டவர்கள் மொத்தம் 120. அங்கே பிரிட்ஜ் சரியில்லை என்று ஒரு பேச்சு. உண்மையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். பெற்றோர் 24-ஐயும் 16-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், சிக்கல் அங்கேதான். 24 பேர் 480 பேரிலிருந்து வந்தவர்கள், 16 பேர் வெறும் 20 பேரிலிருந்து வந்தவர்கள். 24-ஐ 480-ஆல் வகுத்தால் 5 சதவீதம். 16-ஐ 20-ஆல் வகுத்தால் 80 சதவீதம். இதைத்தான் நாங்கள் தாக்கு விகிதம் என்கிறோம்: ஒரு கூட்டத்தில் நோய் வரக்கூடியவர்கள் எத்தனை பேர், அதில் வந்தவர்கள் எத்தனை பேர். 80 இருக்க வேண்டிய இடத்தில் 5 ஆகியிருக்கிறது என்றால் குறைந்த அளவு 75, அந்த 75-ஐ 80-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 94 சதவீதம். உங்கள் பள்ளியில் ஊசி கொடுத்த பாதுகாப்பு அவ்வளவு. எல்லாருக்கும் போட்ட ஓர் ஊரில் தட்டம்மை வந்தால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள், அதை வைத்து ஊசி தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது இல்லையா?

கீழே போடும் எண்ணில்தான் பலரும் தவறுவார்கள். முன்பே தட்டம்மை வந்து போன பிள்ளையை இரண்டு பக்கத்திலும் சேர்க்கக் கூடாது, அவனுக்கு இனி வராது. அட்டை தொலைந்து "போட்ட ஞாபகம்" என்று சொல்பவர்களைத் தனியாக எழுதுங்கள், போட்டவர்கள் பக்கம் தள்ளிவிடாதீர்கள். நோய் வருவதற்கு 14 நாளுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்களை இந்தக் கணக்குக்குப் போடாதவர்களாகவே வைக்க வேண்டும், ஏனென்றால் உடம்புக்கு எதிர்ப்பு சக்தி உருவாக்க நேரம் கிடைத்திருக்காது. மேலே போடும் எண்ணிலும் எல்லாச் சொறியும் தட்டம்மை ஆகிவிடாது. காய்ச்சல், தடிப்பு, அதோடு இருமலோ சளியோ கண் சிவப்போ இருந்தால் சந்தேகம், சிலருக்காவது ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும்.

சரி, 96 சதவீதம் பேர் போட்டும் எப்படிப் பரவியது? தட்டம்மை மிக வேகமாகத் தொற்றும் நோய்களில் ஒன்று. எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது வழக்கமான மதிப்பீடு. அதைத் தடுத்து நிறுத்த 92 முதல் 94 சதவீதம் பேரிடம் எதிர்ப்பு சக்தி இருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தி என்கிறேன், ஊசி போட்ட அட்டை என்று சொல்லவில்லை. உங்கள் 480 பேரில் 94 சதவீதம் பேருக்குத்தான் ஊசி பிடித்தது என்றால் அது சுமார் 450 பேர். 500-க்கு 450 என்றால் 90 சதவீதம்தான், கோட்டுக்குக் கீழே. மிச்சம் 50 பேர்: ஊசி பிடிக்காத 30, போடாத 20. அந்த 50 பேரில் 40 பேருக்கு வந்திருக்கிறது. போடாத 20 பேரும் உறவுக்காரர்களாகவோ ஒரே வகுப்பிலோ இருந்தால் இன்னும் மோசம். பள்ளி முழுவதும் சராசரி நன்றாகத் தெரியும், அந்த ஒரு அறைக்குள் தடுப்பே இருக்காது.

இப்போது அந்த 120 பேருக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். 18-ஐ 120-ஆல் வகுத்தால் 15 சதவீதம். மற்ற இடங்களில் போட்ட 360 பேரில் 6 பேர், 2 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது மற்ற இடங்களில் ஊசியின் பாதுகாப்பு 98 சதவீதம், இங்கே 81. மொத்தமாகப் பார்த்தபோது வந்த 94 இந்த ஓட்டையை மூடி மறைத்துவிட்டது.

ஆனாலும் உடனே பிரிட்ஜைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். அந்த 120 பேரின் அட்டைகளில் போட்ட தேதியையும் தவணையையும் முதலில் பாருங்கள். 9 மாதத்தில் ஒரே தவணையோடு நின்றவர்கள் அங்கே அதிகம் என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை மழுக்குவதால் பாதுகாப்பு சுமார் 85 சதவீதம்தான் கிடைக்கும், பிரிட்ஜ் பாவம் எதுவும் செய்திருக்காது. தவணையும் வயதும் மற்ற இடங்களைப் போலவே இருந்தும் 15 சதவீதம் பேருக்கு வந்திருந்தால் குளிர்பதனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நோயாளிகள் குறிப்பிட்ட சில மாதங்களில் போட்டுக்கொண்டவர்களாகவோ ஒரே பேட்ச் எண் உள்ளவர்களாகவோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அங்கே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்கிற வெப்பநிலைப் பதிவேடு. பயிற்சிக் காலத்தில் ஓர் இடத்தில் இப்படி ஒன்றைப் புரட்டினேன்: காலை 4, மாலை 4, மாதம் முழுவதும் 4, ஒரே பேனா, ஒரே சாய்வு. வெப்பமானியைத் தட்டினேன், முள் அசையவில்லை. உண்மையான பதிவேட்டில் 3-ம் 6-ம் கலந்து வரும், மின்சாரம் போன நாள் தெரியும்.

இரண்டாவது, கலந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பது. தட்டம்மை மருந்து தூளாக வரும். தூளாக இருக்கும்வரை ஓரளவு தாங்கும், உறைந்தாலும் கெடாது. கரைசல் நீரை ஊற்றிய நிமிடத்திலிருந்து அது வெயிலையும் வெளிச்சத்தையும் தாங்காத பொருள். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும். ஆகவே முன்பே குளிரவைத்த, அதே தயாரிப்பாளரின் கரைசல் நீரால் கலந்து, குளிரிலேயே வைத்து, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். (சில நாடுகளில் விதி இன்னும் கடுமை, 4 மணி நேரம்.) காலையில் கலந்தது மாலை வரை மேஜையில் இருந்திருந்தால் பிரிட்ஜ் எவ்வளவு நன்றாக ஓடியும் பயனில்லை. குப்பியில் இருக்கும் வெப்பக் காட்டியும் இங்கே காப்பாற்றாது. உள்ளே உள்ள சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பயன்படுத்தலாம், அதே நிறமாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டும், ஆனால் தட்டம்மைக் குப்பியில் அது மூடியிலோ கழுத்திலோ இருப்பதால் திறந்தவுடன் போய்விடும். அதற்குப் பின் கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதியிருந்தால்தான் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கணக்கை மாவட்டச் சுகாதாரத் துறையிடம் அப்படியே கொடுங்கள், நிலையத்தை ஆய்வு செய்வது அவர்கள் வேலை. ஊசி போடாத, இன்னும் நோய் வராத 4 பேருக்கும் உடனே போட வேண்டும். நோயாளியோடு பழகி 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயையே தடுக்க வாய்ப்பு உண்டு. தடிப்பு வந்த பிள்ளைகளை அது தோன்றிய நாளிலிருந்து 4 நாள் வீட்டில் வையுங்கள், வைட்டமின் ஏ அளவை அவர்களைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யட்டும். அந்த நிலையத்தில் போட்டு நோய் வராமல் இருக்கும் 102 பேருக்கு ஆய்வு முடிந்ததும் மறுபடியும் ஒரு தவணை போடச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். ஏற்கனவே எதிர்ப்பு சக்தி உள்ள பிள்ளைக்கு இன்னொரு ஊசியால் கெடுதல் இல்லை, இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.