இன்டர்ன்ஷிப்புக்கு 7,500 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: தம்பி ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறான். நாங்கள் ஹட்டன் பக்கம். கண்டியில் ஒரு கம்பனியில் 'பிஸ்னஸ் டெவலப்மன்ட் இன்டர்ன்' ஆகத் தெரிவாகியிருக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய், மூன்று மாதம் முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். எங்கள் டிவிசனில் இருக்கும் ஒரு அக்காவும் அங்கேதான் வேலை செய்கிறார். நம்பலாமா?

பதில்:

கட்ட வேண்டாம். அந்த அக்கா நல்லவராகவே இருந்தாலும் கட்ட வேண்டாம், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எனக்கு ஊர் தலவாக்கலை, கொழும்பில் ஒரு கம்பனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. இந்த மாதிரிக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பி "இது சரியா" என்று ஊரிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். என் சித்தி மகனுக்கும் கிட்டத்தட்ட இதே கடிதம் வந்தது. அதில் மூன்று வரிகளைப் பார்த்தாலே போதும். வேலை என்ன என்ற இடத்தில் "நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவும் பல்வேறு பணிகள்". சம்பளம் என்ற இடத்தில் "திறமைக்கேற்ப 15,000 முதல் 60,000 வரை". கட்டணம் "பயிற்சியை வெற்றிகரமாக முடித்தபின் மீளளிக்கப்படும்".

வெற்றிகரமாக முடித்தானா இல்லையா என்று யார் சொல்வது? அவர்கள்தான். சம்பளத்துக்கும் அதே கதை. ஒழுங்கான கம்பனி இன்டர்னுக்கு அலவன்ஸ் கொடுப்பதாக இருந்தால் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தொகையைப் போடும், குறைவாக இருந்தாலும் போடும், கொடுக்காவிட்டால் கொடுப்பதில்லை என்று எழுதும். அடி எண்ணைப் போல நான்கு மடங்கு மேல் எண் இருந்தால் அது கமிஷன், சம்பளமில்லை. பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கோ கம்பனி பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. உங்கள் கடிதத்தில் எப்படி என்று பாருங்கள்.

சித்தி தோடு அடகு வைத்துக் கட்டிவிட்டார், எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். சித்தி மகன் கண்டிக்குப் போனான். வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், கோட் போட்ட இரண்டு பேர், காலையிலிருந்து மாலைவரை எண்ணங்களை உயர்வாக வைத்துக்கொள்வது பற்றிய பேச்சு. சாயங்காலம்தான் வேலை என்ன என்று சொன்னார்கள்: இதே 7,500 ரூபாயைக் கட்டக்கூடிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய் கிடைக்கும்.

அதாவது, கட்டணம் கேட்பது ஒரு குறை, வேலையைத் தெளிவாகச் சொல்லாதது இன்னொரு குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றுதான். கட்டணத்தை வசூலிப்பதே அங்கே வேலை, அதைக் கடிதத்தில் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள், அதனால்தான் "பல்வேறு பணிகள்". கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்து ஆள் பிடித்த காலத்தைப் பற்றித் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கேயாவது பிடித்துக்கொண்டு போன இடத்தில் தேயிலை இருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். போட்ட 7,500 திரும்பி வர, அவன் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் அவரவர் காசு வர 25 பேர் வேண்டும், அவர்களுக்கு 125 பேர், அப்புறம் 625. ஒரு தோட்டத்தில் ஏ.எல். முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டாவது மூன்றாவது சுற்றிலேயே ஆள் தீர்ந்துவிடும், கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம் பேர், அவர்கள் எல்லோருடைய காசும் போனது போனதுதான். உங்கள் டிவிசன் அக்கா வருவது இங்கேதான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய 7,500 திரும்பக் கிடைக்க உங்கள் தம்பி தேவைப்படலாம். தெரிந்தவர் சொல்கிறார் என்பது மற்ற விஷயங்களில் நம்பிக்கைக்குக் காரணம், இதில் மட்டும் அது சந்தேகத்துக்குக் காரணம். அவரிடம் நேராக ஒன்று கேளுங்கள்: "அக்கா, போன மாதம் உங்களுக்கு வந்த காசு எதற்காக வந்தது?" ஆள் சேர்த்ததைத் தவிர வேறு எதையும் அவரால் சொல்ல முடியாவிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

இது சட்டவிரோதமும்கூட. வருமானம் பெரும்பாலும் புதிய ஆட்கள் சேர்வதால் வரும் பிரமிட் திட்டங்களை நடத்துவதையும் பரப்புவதையும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83C பிரிவு தடை செய்கிறது. பரப்புவது என்பதில் நண்பனைக் கூட்டிக்கொண்டு போகிறவனும் மாட்டிக்கொள்ளலாம் என்பதைத் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

கம்பனி பதிவாகியிருக்கிறதே என்று அவர்கள் ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். eroc.drc.gov.lk தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், தனியார் கம்பனியின் பதிவு எண் PV என்று தொடங்கும். பெயர் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இருந்தாலும் அப்படி ஒரு கம்பனி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பியவர் அந்தக் கம்பனிக்காரர்தானா என்பதோ, அவர்கள் செய்வது நேர்மையான தொழிலா என்பதோ தெரியாது. ஆகவே கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் லேண்ட்லைனுக்கு, கண்டி என்றால் 081இல் தொடங்கும், எடுத்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள கைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேட்டால் அனுப்பியவரே "ஆமாம், உண்மைதான்" என்பார்.

எடுத்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "முதல் திங்கட்கிழமை காலையில் தம்பி வந்தால் யாரிடம் போக வேண்டும், அன்றைக்கு என்ன வேலை கொடுப்பார்கள்?" நாங்கள் இன்டர்ன் எடுக்கும்போது இதற்குப் பதில் உடனே இருக்கும், இன்னாருக்குக் கீழே, முதல் வாரம் பழைய இன்வொய்ஸ்களை எக்செலில் ஏற்றுவது, இப்படி. சலிப்பூட்டும் பதில்தான், ஆனால் உண்மையான வேலை அப்படித்தான் இருக்கும். "எல்லாம் ஒரியன்டேஷனில் சொல்வோம்" என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

பாடநெறி என்றால் காசு கேட்பதில் தவறில்லை, அதை இன்டர்ன்ஷிப் என்று சொல்லி வாங்குவதுதான் தவறு. பாடநெறி என்று பேச்சை மாற்றினால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ.வில் எத்தனையாவது மட்டம் என்று கேளுங்கள். தொழில் இடத்திலேயே பழக வேண்டும் என்றால் அரசாங்கப் பயிற்சி நிறுவனமான நைட்டாவின் பயிலுனர் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள், ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை.

ஓ.எல். சான்றிதழின் ஒரிஜினலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், பிரதி போதும். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். தம்பியின் வங்கிக் கணக்குக்கு "வாடிக்கையாளர் பணம்" வரும், அதை எடுத்து இன்னொரு கணக்குக்குப் போட வேண்டும் என்று எப்போதாவது சொன்னால், அது 7,500 போவதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பணம் யாரிடமிருந்து ஏமாற்றி எடுத்தது என்று பொலிஸ் கேட்கப்போவது அவனிடம்தான்.

ஒருவேளை இதைப் படிக்கும்போதே கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், டிபொசிட் சிலிப், வாட்ஸ்அப் செய்திகள், கடிதம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு போடுங்கள். சித்தி மகன் முறைப்பாடு போட்டு வந்த பிறகு, அவனைச் சேர்த்த பையனே 1,500 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தான். மீதி இன்னும் வரவில்லை.