மாநாட்டுச் சுருக்கத்தை முடிவிலிருந்து எழுதிப் பாருங்கள்

கேள்வி: கல்வியியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். 150 சொல்தானாம். அதற்குள் நோக்கம், முறை, முடிவு, பயன் எல்லாம் கேட்கிறார்கள். என்னுடையது 300க்குக் கீழே இறங்க மறுக்கிறது. எதை வெட்டுவது?

உங்கள் 300 சொல்லில் முதல் நூறு "இன்றைய மாறிவரும் கல்விச் சூழலில்" என்ற மாதிரி ஏதோ ஒன்றில் தொடங்கியிருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மாநாட்டுக் குழுக்களுக்காகச் சில வருடங்களாகச் சுருக்கங்களைப் படித்து மதிப்பெண் போட்டு வருகிறேன். அந்தத் தொடக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

எல்லாரும் செய்வது என்னவென்றால், நான்கு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது. விளைவு, நான்குமே ஒன்றும் சொல்லாமல் போய்விடும். முறை, "கலப்பு முறை பின்பற்றப்பட்டது" என்று சுருங்கும். முடிவு, "குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்பட்டது" என்று ஆகும். யாரிடம், எதில், எவ்வளவு மாற்றம்? எல்லாம் வெட்டில் போயிருக்கும். அதனால் இருக்கும் 300ஐ வெட்டாதீர்கள், மூடி வைத்துவிட்டு வேறு வரிசையில் புதிதாக எழுதுங்கள். முதலில் முடிவு. அந்த முடிவை ஒருவர் நம்புவதற்கு என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும் முறை. பின்னணி கடைசியில், இடம் மிஞ்சினால் ஒரு வரி.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன முறை தன் வரைவைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடைத்த வரம்பு இன்னும் மோசம், 120 சொல். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றியே சொல்கிறேன்.) எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள். ஒன்றில் மாணவர் எழுதிய அறிவியல் விளக்கக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதித் தந்தார். இன்னொன்றில் குறிப்பு, மதிப்பெண் இரண்டும். வரைவின் பாதி, மதிப்பீட்டின் பெருமை. அதன் பிறகு மூன்று ஆய்வு வினாக்கள், நேர்காணல், வினாத்தாள், ஆசிரியரின் நாட்குறிப்பு. கடைசி வரி, "முடிவுகளும் அவற்றின் தாக்கங்களும் மாநாட்டில் விவாதிக்கப்படும்."

அந்தக் கடைசி வரிதான் ஆளைக் கவிழ்ப்பது. படிப்பவர் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கும், அதில் முடிவுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். "விவாதிக்கப்படும்" என்ற வரிக்கு நான் அங்கே என்ன போடுவது?

"சரி, என்னதான் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் நிறையப் பேர் திருத்தி எழுதித் தந்தார்கள், ஆனால் கடைசிக் கட்டுரையில் அவர்கள் சராசரி மற்றப் பிரிவைவிட உயரவில்லை. அது தோல்வி என்று நினைத்து மறைத்து வைத்திருந்தார். அந்த ஆய்விலேயே படிக்கத் தகுந்தது அதுதான்! அதை மையமாக வைத்து இப்படி எழுதினோம்:

"மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் தந்தால் மாணவர்கள் தங்கள் எழுத்தைத் திருத்துகிறார்களா, அதனால் எழுத்து மேம்படுகிறதா என்று இந்த ஆய்வு பார்க்கிறது. ஒரே ஆசிரியர் கற்பிக்கும் இரண்டு எட்டாம் வகுப்புப் பிரிவுகளில் 10 வாரம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவில் (38 பேர்) அறிவியல் விளக்கக் கட்டுரைகளுக்குக் குறிப்பு மட்டும் தரப்பட்டது. மற்றதில் (36 பேர்) குறிப்போடு மதிப்பெண்ணும். தொடக்க, இறுதிக் கட்டுரைகளை, பிரிவு எதுவென அறியாத இரு ஆசிரியர்கள் 20 மதிப்பெண்ணுக்குத் திருத்தினர். முதல் பிரிவில் 27 பேர் ஒரு முறையாவது திருத்தி எழுதினர். மற்றதில் 9 பேர். ஆனால் இறுதிச் சராசரி, தொடக்கத்தைப் போலவே, இரு பிரிவிலும் நெருங்கியிருந்தது (12.9, 12.6). பிரதிகளை ஒப்பிட்டதில், திருத்தங்கள் பெரும்பாலும் சொற்பிழைகளோடு நின்றன. மதிப்பெண்ணை நிறுத்திவைப்பது திருத்தத் தூண்டலாம். எதைத் திருத்துவது என்பதைத் தனியே கற்பிக்காவிட்டால் அது எழுத்தை மேம்படுத்தாமல் போகலாம்."

120க்குள் அடங்கிவிட்டது. நேர்காணல் எங்கே என்று அவர் கேட்டார். அத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதியதாயிற்றே, மனசு கேட்கவில்லை. ஆனால் இந்தச் சுருக்கத்தில் உள்ள எந்த முடிவும் நேர்காணலிலிருந்து வரவில்லை. முடிவைத் தாங்காத முறைக்கு இங்கே இடமில்லை, முழுக் கட்டுரையில் வரட்டும். அதே சமயம் "பிரிவு எதுவென அறியாத இரு ஆசிரியர்கள்" என்பதை வெட்ட நான் விடவில்லை. அது இல்லாவிட்டால், தன் மாணவர்களுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார் என்ற சந்தேகம் முதல் வாசிப்பிலேயே வந்துவிடும். "ஒரே ஆசிரியர்" என்பதையும் வெட்ட விடவில்லை, இல்லாவிட்டால் வித்தியாசம் ஆசிரியரால் வந்ததோ என்று கேட்பார்கள்.

கடைசி இரண்டு வாக்கியங்களில் வரும் "லாம்"களைக் கவனியுங்கள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த வகுப்புகள், அதுவும் இரண்டே இரண்டு. இதை வைத்துக்கொண்டு "கல்விக் கொள்கையை மாற்ற வேண்டும்" என்று முடித்தால், படிப்பவர் மேலே உள்ளதையும் நம்பமாட்டார். பயன் என்ற பகுதி முடிவுக்கு ஒரு படி தள்ளி நிற்கலாம், பத்துப் படி தாண்டக் கூடாது.

புள்ளியியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், திட்ட விலக்கம் இல்லை, சோதனை முடிவு இல்லை. மிஞ்சிய இடத்தில் அவற்றைத்தான் முதலில் சேர்த்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் முப்பது சொல் கூடுதலாக இருக்கிறது, சேருங்கள். கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு இது பொருந்தாது என்பதும் தெரியும். அங்கே முடிவின் இடத்தில் உங்கள் வாதம் நிற்க வேண்டும்.

உங்கள் தரவு இன்னும் முழுதாக வரவில்லை என்றால்? நிறைய மாநாடுகள் பல மாதம் முன்பே சுருக்கம் கேட்பதால் இது சகஜம். பார்த்து முடித்த வரைக்கும் சொல்லுங்கள். "இதுவரை பகுப்பாய்ந்த 15 வகுப்புப் பதிவுகளில் இன்னது தெரிகிறது" என்பது நேர்மையான முடிவு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். வராததை ஊகித்து எழுதினால், பேசப் போகும்போது கையேட்டில் அச்சானது ஒன்றும் திரையில் காட்டுவது வேறொன்றுமாக இருக்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, வேறொருவர் ஆய்வில் ஒட்டினாலும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் எடுத்துவிடலாம். உங்கள் முதல் நூறு சொல் அங்கேயே கழன்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். நாங்கள் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டி முடித்த பிறகு, ஆய்வில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத மூத்தவர் ஒருவர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார், அதுவும் முதலில். கூடவே "இன்றைய கல்விச் சூழலில்" என்று தொடங்கினால் கம்பீரமாக இருக்கும் என்று ஆலோசனை வேறு. பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தை மட்டும், வரம்பு தாண்டிவிடும் ஐயா என்று சொல்லித் தப்பித்தோம்.

அப்புறம், தலைப்பும் திறவுச்சொற்களும் அந்த 150இல் சேர்த்தியா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பதிவுப் படிவம் வரம்பு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நறுக்கிவிடும், அதில் போவது உங்கள் கடைசி வாக்கியம்தான்.